புல்லிலிருந்து தொடங்கும் விடை: மங்கோலியப் பேரரசு பற்றிய தேர்வு வினாக்கள்

மத்தியப் பாடத்திட்டத்தின் 11-ஆம் வகுப்பு உலக வரலாற்றுப் பாடநூலில் நாடோடிப் பேரரசுகளுக்கென்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதிலிருந்து வரும் நெடுவினாக்கள் பெரும்பாலும் மூன்று வகைதான். மங்கோலியர்கள் எப்படி வென்றார்கள் என்பது ஒன்று. வணிகம் அவர்களுக்கு ஏன் அவ்வளவு முக்கியமாக இருந்தது, தொலைதூர நாடுகளை அவர்கள் எப்படி இணைத்தார்கள் என்பது இன்னொன்று. நகரவாசிகள் எழுதி வைத்ததை வைத்துக்கொண்டு நாடோடிகளைப் பற்றி நாம் எவ்வளவு நம்பலாம் என்பது மூன்றாவது.

விடைத்தாள்களைத் திருத்தும்போது நான் அதிகம் வருந்துவது தவறான ஆண்டுகளுக்காக அல்ல. மாணவர்கள் இந்த மூன்றையும் மூன்று தனிப் பெட்டிகளில் போட்டுப் பூட்டிவிடுகிறார்கள். போர் பற்றிய விடையில் வேகமான குதிரை, வில், கொடூரம். வணிகம் பற்றிய விடையில் பட்டுப்பாதை, மார்கோ போலோ, அமைதி. ஒரே மனிதர்கள், ஒரே முப்பது நாற்பது ஆண்டுகளுக்குள் இரண்டையும் செய்தார்கள் என்ற உணர்வே விடையில் இருப்பதில்லை. படையை நடத்திய ஏற்பாடும் வணிகரை நடத்திய ஏற்பாடும் வேறு வேறல்ல, ஒரே ஏற்பாட்டின் இரண்டு பயன்கள். இதைப் புரிந்துகொள்ளப் புல்லிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு மங்கோலியக் குதிரை உருவத்தில் சிறியது. எடை ஏறத்தாழ 300 கிலோ. அதற்கு நாளொன்றுக்கு 7 கிலோ உலர்ந்த தீவனமும் 25 லிட்டர் தண்ணீரும் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீரன் ஒரு குதிரையோடு போருக்குப் போவதில்லை. மூன்று முதல் ஐந்து குதிரைகள் வரை கூட்டிக்கொண்டு, ஒன்று களைத்தால் அடுத்ததில் மாறி ஏறுவான். பத்தாயிரம் பேர் கொண்ட ஒரு படைப்பிரிவுக்கு, ஆளுக்கு ஐந்து என்றால், 50,000 குதிரைகள். ஒரு நாளைக்கு 350 டன் தீவனம், பன்னிரண்டரை லட்சம் லிட்டர் தண்ணீர். இவ்வளவையும் வண்டியில் ஏற்றிப் பின்னால் கொண்டுவர அன்றைய உலகில் எந்த அரசாலும் முடியாது. மங்கோலியர் கொண்டுவரவும் இல்லை. தரையில் முளைத்திருந்ததைக் குதிரைகள் மேய்ந்தன. பனி மூடியிருந்தாலும் அந்தக் குதிரைகள் குளம்பால் பனியைக் கிளறி அடியிலிருக்கும் புல்லைத் தின்னப் பழகியவை. வீரர்கள் உலர்த்திய பாலையும் இறைச்சியையும் கொண்டு சென்றார்கள். பெண்குதிரைகளின் பால் உணவாயிற்று.

இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்த மாணவனுக்குப் பல விஷயங்கள் தாமாகவே விளங்கிவிடும். ஒரே இடத்தில் சில நாட்களுக்கு மேல் தங்கினால் புல் தீர்ந்துவிடும், ஆகவே படை நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரே வழியில் எல்லோரும் போனால் பின்னால் வருபவனுக்கு ஒன்றும் மிஞ்சாது, ஆகவே பல கிளைகளாகப் பிரிந்து போய், குறித்த நாளில் குறித்த இடத்தில் கூட வேண்டும். பிரிந்து சென்றவர்கள் கூட வேண்டுமென்றால் அவர்களிடையே செய்தி ஓட வேண்டும். கட்டளையை மீறாத ஒழுங்கும் வேண்டும். “மங்கோலியப் படை வேகமாக நகர்ந்தது” என்று எழுதுவதோடு நிறுத்தினால் அது வருணனை. ஏன் நகர்ந்தே ஆக வேண்டியிருந்தது என்று எழுதினால் அது விளக்கம்.

புல் இல்லாத இடத்தில் குதிரைக்கு என்ன நேரும் என்பதற்கு நம் ஊரே சாட்சி. பாண்டிய நாட்டு அரசர் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளைக் கடல்வழியே வாங்கியதாகவும், ஆண்டு முடிவில் நூறுகூட உயிரோடு இருப்பதில்லை என்றும் மார்கோ போலோ எழுதியிருக்கிறார். எண்ணிக்கையை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் குதிரை வளராத மண்ணில் குதிரைப்படை வைத்திருப்பது எத்தனை செலவு பிடித்த காரியம் என்பது அதில் தெரிகிறது. மங்கோலியரின் செல்வம் அவர்கள் கால் வைத்த தரையிலேயே முளைத்தது.

புல்வெளி மக்களிடம் குதிரையும் வில்லும் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இருந்தன. ஹூணர்களிடம் இருந்தன, துருக்கியரிடம் இருந்தன. அப்படியிருக்க 13-ஆம் நூற்றாண்டில் மட்டும் என்ன மாறியது? செங்கிஸ்கான் ஏன் குலங்களைக் கலைத்தார் என்ற வினாவின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

புல்வெளியில் குலத்தலைவன் பின்னால்தான் ஆட்கள் திரண்டார்கள். வென்றால் கொள்ளையில் பங்கு, தோற்றால் கூட்டத்தோடு வேறொரு தலைவனிடம் போய்விடலாம். கூட்டணிகள் ஒரு குளிர்காலத்துக்குமேல் நிலைப்பதே அரிது. தெமுஜின் என்ற பெயரோடு வளர்ந்த செங்கிஸ்கான் இந்த நிலையற்ற தன்மையைத் தன் உடம்பில் அனுபவித்தவர். தகப்பன் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டபின் சொந்தக் குலமே அந்தக் குடும்பத்தைக் கைவிட்டுப் போயிற்று. உடன்பிறவாச் சகோதரனாக ஏற்ற ஜமுகா எதிரியானார். தந்தை நிலையில் இருந்து ஆதரித்த கெரெயித் குலத் தலைவரும் பிறகு எதிர்த்து நின்றார்.

1206-இல் தலைவர்களின் மாபெரும் கூட்டமான குருல்தாய் அவரைப் பேரரசராக ஏற்றபோது, அவர் படையைப் பத்து, நூறு, ஆயிரம், பத்தாயிரம் என்ற அடுக்கில் அமைத்தார். பத்தின் கணக்கில் படை வகுப்பது புல்வெளிக்குப் புதிதன்று. பழைய காலத்தில் அந்த அடுக்குக்குள்ளும் குலம் குலமாகவே ஆட்கள் இருந்தார்கள். செங்கிஸ்கான் தோற்ற குலங்களான தாத்தார், மெர்கித், கெரெயித், நைமன் ஆட்களைப் பிரித்து வேறு வேறு ஆயிரங்களில் கலந்து வைத்தார். ஆயிரவர் தலைவர்களாக 95 பேரை நியமித்ததை மங்கோலியர்களின் சொந்த வரலாற்று நூலே பெயர் பெயராகச் சொல்கிறது. அவர்களில் பலர் பிறப்பால் உயர்ந்தவர்கள் அல்லர். அவருடைய இளமைத் துன்பத்தில் உடனிருந்தவர்கள். தனக்கு ஒதுக்கப்பட்ட பிரிவை விட்டு அனுமதியின்றி இன்னொன்றுக்குப் போகக் கூடாது, போனால் கடுந்தண்டனை. பிரிவு என்பது வீரர் பட்டியல் மட்டுமன்று. குடும்பம், கால்நடை, மேய்ச்சல் நிலம் எல்லாம் அதற்குள் அடங்கும். அப்படியானால் குலத்தலைவன் இருந்த இடத்தில் ஆயிரவர் தலைவன் வந்துவிட்டான். விசுவாசம் மேல்நோக்கிப் போகத் தொடங்கியது.

இதற்கு மேலே தலைவர்களின் மகன்களையும் தம்பிகளையும் கொண்டு பத்தாயிரம் பேர் கொண்ட மெய்க்காவற்படை ஒன்றை அமைத்தார். பேரரசரின் கூடாரத்தைக் காத்தவர்களும் இவர்கள்தான், நிர்வாகம் கற்று வெளியே போய் நாடுகளை ஆண்டவர்களும் இவர்கள்தான். தலைவனின் மகன் அரசரின் கண்முன் இருக்கும்போது, தூரத்தில் இருக்கும் தலைவன் கலகம் செய்யத் துணிய மாட்டான்.

இந்த ஒழுங்கைப் பழக்கியது வேட்டை. குளிர்காலத் தொடக்கத்தில் பல நூறு சதுர கிலோமீட்டர் நிலத்தைப் படை வளைத்துக்கொண்டு, வாரக்கணக்கில் வளையத்தைச் சுருக்கிக்கொண்டே வரும். உள்ளே மானும் ஓநாயும் அடைபட்டிருக்கும். கட்டளை வருமுன் ஒரு விலங்கையும் கொல்லக் கூடாது, தன் பகுதியில் ஒன்றையும் தப்ப விடவும் கூடாது. தப்பவிட்ட பிரிவின் தலைவனுக்குத் தண்டனை உண்டு. போர்க்களத்தில் எதிரியைச் சுற்றி வளைத்தது இந்த வேட்டையின் இன்னொரு வடிவமே.

இப்போது 1218-க்கு வருவோம். எனக்குத் தெரிந்து தேர்வின் மூன்று வகை வினாக்களுக்கும் ஒருசேர விடை வைத்திருக்கும் நிகழ்வு இது ஒன்றுதான். சீர் தரியா ஆற்றங்கரையில் ஒத்ரார் என்ற எல்லை நகரம். இன்றைய கசக்ஸ்தானில் அதன் இடிபாடுகள் இருக்கின்றன. அன்று அது ஈரானையும் நடு ஆசியாவையும் ஆண்ட குவாரசம் அரசின் வாசல்.

மேய்ச்சல்காரர்களிடம் பால், இறைச்சி, தோல், கம்பளி, குதிரை உண்டு. தானியம், துணி, இரும்புப் பாத்திரம், தேயிலை ஆகியவை வேண்டுமென்றால் உழுபவர்களிடமும் நகரத்தாரிடமும்தான் போக வேண்டும். ஒன்று பண்டமாற்று, அது மறுக்கப்பட்டால் கொள்ளை. புல்வெளிக்கும் சீனாவுக்கும் இடையிலான நீண்ட வரலாறு இந்த இரண்டுக்கும் நடுவில் ஊசலாடியது. பேரரசு வளர வளர இன்னொரு தேவையும் சேர்ந்தது. தலைவன் கொடுத்துக்கொண்டே இருந்தால்தான் தலைவனாக இருக்க முடியும். பொன்னிழை நெய்த துணியும் பட்டும் அவன் வீரர்களுக்கு வழங்கும் கௌரவம். அதைக் கொண்டுவருபவன் வணிகன்.

புகாராவிலிருந்து வந்த வணிகர்களைப் பற்றிப் பாரசீக வரலாற்றாசிரியர் ஜுவைனி ஒரு காட்சி தருகிறார். ஒருவன் தன் துணிகளுக்கு அநியாய விலை சொன்னான். செங்கிஸ்கான் கோபங்கொண்டு, “இப்படிப்பட்ட துணியே எங்களிடம் வந்ததில்லை என்று இவன் நினைக்கிறானா?” என்ற பொருளில் கேட்டு, கருவூலத்தில் அடுக்கியிருந்த துணிகளை அவனுக்குக் காட்டச் சொன்னார். அவன் சரக்கைப் பறிமுதல் செய்தார். அதைக் கண்ட மற்றவர்கள் விலையே சொல்லவில்லை, கானுக்குக் காணிக்கையாகக் கொண்டுவந்தோம் என்றார்கள். அவர்களுக்குத் தாராளமாகப் பொன்னும் வெள்ளியும் கொடுத்தார். முதலில் சிக்கியவனுக்கும் பிறகு அதே விலை கிடைத்தது. வணிகருக்கும் கானுக்கும் இடையே என்ன மாதிரியான உறவு இருந்தது என்பதை இந்த ஒரு காட்சி காட்டிவிடுகிறது.

இந்த வணிகர்களுக்குப் பதில் மரியாதையாக மங்கோலியத் தரப்பிலிருந்து ஏறத்தாழ 450 பேர் கொண்ட ஒரு வணிகக் கூட்டம் பொன், வெள்ளி, பட்டுடன் ஒத்ராருக்கு வந்தது. அதில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். நகர ஆளுநர் இனால்சுக் இவர்களை ஒற்றர்கள் என்று சொல்லிப் பிடித்தார். குவாரசம் ஷா முகமதுவின் ஒப்புதலோடு எல்லோரும் கொல்லப்பட்டுச் சரக்கு பறிக்கப்பட்டது. ஓர் ஒட்டகக்காரன் தப்பிப்போய்ச் செய்தி சொன்னதாக ஜுவைனி எழுதுகிறார். ஒற்றர் என்ற சந்தேகம் முழுக்க ஆதாரமற்றது என்றும் சொல்ல முடியாது, மங்கோலியருக்கு வணிகர்களே கண்ணும் காதுமாக இருந்தார்கள். செங்கிஸ்கான் உடனே படையெடுக்கவில்லை. மூன்று தூதர்களை அனுப்பி ஆளுநரை ஒப்படைக்கக் கேட்டார். ஷா ஒரு தூதரைக் கொன்று, மற்ற இருவரின் தாடியை மழித்து அனுப்பினார். புல்வெளி மரபில் தூதரின் உயிர் தொடக்கூடாதது.

1219 இலையுதிர்காலத்தில் படை ஒத்ராரை அடைந்தது. ஷாவிடம் ஆள்பலம் குறைவாக இல்லை. ஆனால் தன் படைத்தலைவர்களை, குறிப்பாகத் தாயின் உறவினர்களான துருக்கியப் பிரிவினரை, அவர் நம்பவில்லை. ஒன்றாகத் திரட்டினால் தனக்கே எதிராகத் திரும்புவார்கள் என்று அஞ்சிப் படையை நகரம் நகரமாகப் பிரித்து மதில்களுக்குள் வைத்தார். செங்கிஸ்கான் கலைத்துவிட்டிருந்த அதே பிரச்சினைதான் ஷாவிடம் கலையாமல் இருந்தது. செங்கிஸ்கான் தன் படையைப் பிரித்ததோ நம்பிக்கையால். மகன்கள் சகதாயும் ஒகெதெயும் ஒத்ராரை முற்றுகையிட்டார்கள். மூத்த மகன் ஜோச்சி ஆற்றின் கீழ்ப்பகுதிக்குப் போனார். இன்னொரு சிறு பிரிவு ஆற்றின் மேல்பகுதிக்குப் போயிற்று. செங்கிஸ்கானும் கடைசி மகன் தொலுயும் மறைந்துபோனார்கள்.

அவர்கள் கிசில்கும் பாலைவனத்துக்குள் நுழைந்திருந்தார்கள். சர்நூக் என்ற சிற்றூர் சண்டையின்றிப் பணிந்தது. அந்தப் பகுதித் துருக்மன் வழிகாட்டிகள், அதிகம் பேர் அறியாத பாதையில் படையைக் கூட்டிச் சென்றார்கள். அந்தப் பாதை பிறகு ‘கானின் வழி’ என்று பெயர் பெற்றது. குளிர்காலம் என்பதால்தான் பாலைவனத்தைக் கடப்பது இயன்றது. 1220 பிப்ரவரியில், போர்முனைக்கு வெகு பின்னால் பத்திரமாக இருப்பதாக நினைத்திருந்த புகாராவின் மதில் முன்னால் படை நின்றது. நகரத்துக் காவற்படையின் பெரும்பகுதி இரவில் வெளியேறித் தப்பப் பார்த்து, ஆற்றங்கரையில் அழிந்தது. நகரம் கதவைத் திறந்தது. உள்கோட்டை மட்டும் சில நாள் எதிர்த்து நின்றது. அதைப் பிடிக்க நகர மக்களையே முன்னால் தள்ளி அகழியை நிரப்ப வைத்தார்கள். மார்ச்சில் சமர்கந்தும் விழுந்தது. மேற்கே ஓடிய ஷா அந்த ஆண்டின் இறுதியில் காஸ்பியன் கடலின் ஒரு தீவில் நோயில் இறந்தார்.

அந்த உள்கோட்டையில் எத்தனை பேர் இருந்தார்கள்? ஏறத்தாழ 400 குதிரை வீரர்கள் என்கிறது நிகழ்ந்த காலத்துக்கு நெருக்கமாக எழுதப்பட்ட இப்னு அல்-அதீரின் வரலாறு. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாகச் சொல்கிறார் ஒரு தலைமுறைக்குப்பின் எழுதிய ஜுவைனி. ஜுவைனி மங்கோலியரின் எதிரி அல்லர், அவர்களிடமே உயர் பதவி வகித்தவர். தன் எசமானர்களின் வெற்றியைப் பெரிதாக்கிக் காட்ட அவருக்குக் காரணம் இருந்தது. மங்கோலியருக்கும் அந்தப் பெரிய எண்கள் வசதியாகவே இருந்தன, அடுத்த நகரம் அதைக் கேட்டே கதவைத் திறக்கும். ஈரானிய நகரமான நிஷாபூரில் 17,47,000 பேர் கொல்லப்பட்டதாக எழுதப்பட்ட எண்ணை மாணவர்கள் விடையில் அப்படியே இறக்கிவைக்கிறார்கள். அன்றைய மதில் சூழ்ந்த ஒரு நகரம் அவ்வளவு பேருக்கு உணவும் தண்ணீரும் கொடுத்திருக்க முடியுமா என்று ஒரு வரி சேர்த்தால், எண் சான்றாகவும் இருக்கும், மூலத்தைப் பற்றிய விமர்சனமாகவும் இருக்கும். இதனால் நிஷாபூரின் அழிவு சிறியதாகிவிடாது. அங்கே நடந்தது கொடுமைதான். நகரங்களோடு நிலத்தடி நீர்க்கால்வாய்களும் பராமரிப்பின்றிப் போயின. அதன் விளைவை உழவர்கள் பல தலைமுறை சுமந்தார்கள்.

ஷாவைத் துரத்திப் போன மங்கோலியத் தளபதிகள் ஜெபேயும் சுபுதாயும் காஸ்பியன் கடலைச் சுற்றிக்கொண்டு காகசஸ் மலைகளைத் தாண்டி, தென் ரஷ்யப் புல்வெளியில் இறங்கினார்கள். 1223 மே மாத இறுதியில் கல்கா ஆற்றங்கரையில் நடந்த சண்டை, போலிப் பின்வாங்கல் என்ற உத்திக்கு மிகத் தெளிவான உதாரணம். ரஷ்யச் சிற்றரசர்களும் அந்தப் புல்வெளியின் துருக்கிய நாடோடிகளான கிப்சாக்குகளும் சேர்ந்து வந்தார்கள். மங்கோலியர் ஒரு வாரத்துக்கும் மேலாகப் பின்வாங்கிக்கொண்டே போனார்கள். துரத்தியவர்களின் வரிசை நீண்டு, நீண்டு, அறுந்தது. காலிச் அரசர் கீவ் அரசருக்குச் சொல்லாமலேயே ஆற்றைக் கடந்து தாக்கினார். அப்போது மங்கோலியர் திரும்பினார்கள். முதலில் உடைந்த கிப்சாக்குகள் தப்பி ஓடிய ஓட்டத்தில் பின்னால் வந்த ரஷ்யர்களின் அணியையே குலைத்தார்கள். இந்த உத்தியை நாடகம்போல் எண்ணிவிடக் கூடாது. ஓடுவதாக நடிக்கும் படை உண்மையிலேயே ஓடத் தொடங்கிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. ஒன்பது நாள் ஓடியும் ஒழுங்கு குலையாமல், கொடி அசைந்ததும் திரும்ப முடிந்ததற்குக் காரணம் அந்தப் பத்து நூறு அடுக்கும் குளிர்கால வேட்டையுமே.

எல்லைகளையும் எழுதாத விடை முழுமையாகாது. மரம், கொம்பு, தசைநார் ஆகியவற்றைப் பசையால் ஒட்டிச் செய்த கூட்டு வில், ஈரமான காற்றில் பசை இளகி வலிமை குன்றும். மேய்ச்சல் இல்லாத இடத்தில் படையே நிற்க முடியாது. செங்கிஸ்கானின் பேரன் ஹுலாகு 1258-இல் பாக்தாதை அழித்தவர். 1260-இல் சிரியாவரை வந்தபின் படையின் பெரும்பகுதியுடன் திரும்பிவிட்டார். மிஞ்சிய சிறு படையை எகிப்திய மம்லூக்குகள் அந்தச் செப்டம்பரில் அய்ன் ஜாலூத்தில் தோற்கடித்தார்கள். பேரரசர் மோங்கே இறந்த செய்தியால் திரும்பினார் என்று பாடநூல்கள் சொல்கின்றன, அது சரிதான். ஆனால் ஹுலாகு பிறகு பிரெஞ்சு அரசருக்கு எழுதிய கடிதத்தில், உணவும் புல்லும் தீர்ந்துவிட்டதையும் காரணமாகச் சொல்கிறார். முன்னே போட்ட கணக்கை இங்கே மறுபடி நினைத்துக்கொள்ளலாம்.

மதில்களைப் பொறுத்தவரை, புல்வெளி வீரனுக்கு முற்றுகை தெரியாது. 1209-இல் வடமேற்குச் சீனாவின் சி சியா அரசின் தலைநகரை மூழ்கடிக்க ஆற்றைத் திருப்பிய மங்கோலியர், அணை உடைந்து தங்கள் பாளையத்தையே மூழ்கடித்துக்கொண்டார்கள். தெரியாததைத் தெரிந்தவனைப் பிடித்து வந்து செய்வித்ததுதான் அவர்கள் கண்ட வழி. தென்சீனத்தின் வாயிலான சியாங்யாங் நகரம் 1268 முதல் ஐந்தாண்டுகள் தாக்குப்பிடித்தது. அப்போதைய பேரரசர் குப்ளாய்கான் ஈரானை ஆண்ட தன் உறவினர் அபாகாவிடம் பொறியாளர்களைக் கேட்டார். இஸ்மாயில், அலாவுத்தீன் என்ற இருவர் வந்து, ஒருபுறம் பெரும் எடை தொங்கும் கவண்பொறிகளைக் கட்டினார்கள். ஏறத்தாழ 90 கிலோ கல் மதிலுக்குள் விழுந்தது. 1273-இல் நகரம் பணிந்தது. இது போர்முறை பற்றிய விடைக்கான சான்றா, இணைப்பு பற்றிய விடைக்கான சான்றா? இரண்டுக்கும்தான். மேற்காசியத் தொழில்நுட்பம் சீனாவுக்குப் போனது ஒரு முற்றுகைக்காக.

அந்தப் பொறியாளர்கள் வந்த வழியைக் கவனிக்க வேண்டும். செங்கிஸ்கானுக்குப்பின் பேரரசரான ஒகெதெய் காலத்தில், 1230-களில், ‘யாம்’ எனப்பட்ட அஞ்சல் நிலையங்கள் பேரரசு முழுவதும் ஒழுங்குபடுத்தப்பட்டன. ஒரு நாள் பயணத் தூரத்துக்கு ஒன்று. அங்கே மாற்றுக் குதிரை, உணவு, தங்குமிடம் தயாராக இருக்கும். கழுத்திலோ இடுப்பிலோ முத்திரைத் தகடு தரித்தவருக்குத்தான் அவை கிடைக்கும். பொன், வெள்ளி, மரம் எனத் தகட்டின் பொருளே அவரது தகுதியைச் சொல்லும். களைத்த குதிரையை விட்டுவிட்டுப் புதிய குதிரையில் ஏறுவது என்ற வீரனின் பழக்கம், ஒரு கண்டத்தின் அளவுக்கு விரிந்தால் அதுதான் யாம். வீரன் மாற்றுக் குதிரைகளைத் தன்னோடு ஓட்டிப் போனான். தூதனுக்கு அவை வழியெங்கும் காத்திருந்தன.

இதன் செலவை யார் சுமந்தார்கள் என்று எழுதும் மாணவரை நான் இதுவரை ஓரிருவரைத்தான் பார்த்திருக்கிறேன். நிலையத்தைச் சுற்றியிருந்த குடும்பங்கள் தங்கள் மந்தையில் ஒரு பங்கைக் குதிரையாகவும் ஆடாகவும் கொடுக்க வேண்டும். இளவரசர்கள் தங்களுக்கு வேண்டிய வணிகர்களுக்கெல்லாம் தகடுகளை வழங்கிவிட்டார்கள். அரசின் வெள்ளியை முதலாக வாங்கி வணிகம் செய்த ‘ஓர்தாக்’ கூட்டாளிகள், அரசின் குதிரையிலேயே சரக்கையும் கொண்டுபோனார்கள். 1251-இல் அரசரான மோங்கே பழைய தகடுகளைத் திரும்பப் பெறச் செய்து, வணிகர்கள் அஞ்சல் குதிரையைப் பயன்படுத்தக் கூடாதென்று தடுத்தார். அரை நூற்றாண்டுக்குப்பின் ஈரானில் கசான்கானும் இதே சீர்திருத்தத்தைச் செய்ய வேண்டியிருந்தது. தடை திரும்பத் திரும்ப வருகிறதென்றால் மீறலும் திரும்பத் திரும்ப நடந்தது என்றுதான் பொருள்.

இந்தச் சாலைகளில் போனவர்கள் எல்லோரும் விரும்பிப் போனவர்கள் அல்லர். நகரம் விழுந்ததும் கைவினைஞர்களைத் தனியே பிரித்து நிறுத்துவது வழக்கம். ஹெராத்தின் நெசவாளர்கள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கிழக்கே கொண்டுபோகப்பட்டுப் பொன்னிழைத் துணி நெய்தார்கள். 1254-இல் தலைநகர் காரகோரத்துக்குச் சென்ற பிளெமிஷ் துறவி வில்லியம், அங்கே பாரிஸைச் சேர்ந்த ஒரு பொற்கொல்லரைச் சந்தித்தார். ஹங்கேரியப் படையெடுப்பில் பிடிபட்டவர் அவர். அரண்மனை வாசலில் வெள்ளியால் ஒரு மரம் செய்து வைத்திருந்தார், அதன் குழாய்கள் வழியே திராட்சை மதுவும் குதிரைப்பால் மதுவும் தேன் மதுவும் அரிசி மதுவும் வழிந்தன. நான்கு நாட்டுக் குடிவகைகள், ஒரு கைதியின் கைவேலை. இணைப்பு என்ற சொல்லை விடையில் எழுதும்போது இந்தப் பொற்கொல்லரையும் நினைத்துக்கொண்டு எழுதலாம்.

‘மங்கோலிய அமைதி’ என்ற தொடரையும் அளந்தே பயன்படுத்த வேண்டும். 1260-க்குப்பின் பேரரசு நான்காகப் பிரிந்தது. 1262-இலேயே ஹுலாகுவும் அவருடைய உறவினர் பெர்கேயும் காகசஸில் போரிட்டார்கள். நடு ஆசியாவில் கைது என்ற மங்கோலிய இளவரசர் குப்ளாயை எதிர்த்துப் பல்லாண்டு சண்டையிட்டார். ஈரானின் அர்கூன்கானுக்கு மணப்பெண்ணாகக் கோகேசின் என்ற இளவரசியை அழைத்துச் செல்ல வந்த தூதர்கள் தரைவழியே புறப்பட்டு, போரினால் வழி அடைபட்டு, சீனாவுக்கே திரும்பினார்கள். பிறகு கடல்வழியே போனார்கள். மார்கோ போலோ ஊர் திரும்பியது அந்தக் கப்பல்களில்தான். 1290-களின் தொடக்கத்தில் அவர்கள் புறப்பட்ட துறைமுகம் தென்கிழக்குச் சீனாவின் சுவான்சோ, அன்றைய மேற்காசியர் நாவில் சைத்தூன். அங்கிருந்து சுமத்ரா, இலங்கை, இந்தியக் கரை வழியாக ஹோர்முஸ் போனார்கள். குதிரைமேல் பிறந்த பேரரசு, புல்வெளி அடைபட்டதும் கடலைப் பயன்படுத்திக்கொண்டது.

அதே சுவான்சோவில், அவர்கள் கப்பலேறுவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, தமிழர்கள் ஒரு சிவன் கோயில் எழுப்பியிருந்தார்கள். அங்கே கிடைத்த கல்வெட்டு ஒன்றில் தமிழும் சீனமும் உண்டு. சக ஆண்டு 1203, சித்திரை மாதம், அதாவது கி.பி. 1281. சம்பந்தப்பெருமாள் என்பவர் திருக்கதலீச்சுரம் உடைய நாயனாரை எழுந்தருளச் செய்தார் என்பது செய்தி. யாருடைய நலனுக்காக? செகசைகானின் திருமேனி நலத்துக்காக. அந்தப் பெயர், குப்ளாய்க்கு இருந்த செச்சென்கான் என்ற பட்டத்தின் தமிழ் வடிவம் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். எந்த அனுமதியின்பேரில்? அந்தக் கானின் ‘பர்மான்’ படி. ஆணையைக் குறிக்கும் அந்தச் சொல் பாரசீகம். மங்கோலியர் ஆண்ட ஒரு சீனத் துறைமுகத்தில், சிவன் கோயில் கல்லில், தமிழ் எழுத்தில் அது நிற்கிறது.